நான்கு வயது முகத்தில் இல்லாதது

1975-இல் வந்த 'நாளை நமதே' படத்தில் சிறுவயதில் பிரிந்த அண்ணன் தம்பிகளைச் சேர்த்துவைப்பது ஒரு குடும்பப் பாட்டு. பிரிந்தவர் கூடும் கதைகளில் பாட்டு இல்லாவிட்டால் மச்சம் வரும், மச்சம் இல்லாவிட்டால் பச்சைகுத்து, அதுவும் இல்லாவிட்டால் பாதியாக உடைத்துப் பங்கிட்ட டாலர். வளர்ந்த ஆளின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் "நீ அவன்தானே" என்று கண்டுபிடிக்கும் காட்சி அபூர்வம். எத்தனையோ தற்செயல்களை நம்பச் சொல்லும் சினிமா, இதை மட்டும் நம்பச் சொல்லத் தயங்குகிறது. நிஜ வாழ்க்கையில் நாம் அவ்வளவு ஜாக்கிரதையாக இல்லை. காணாமல் போன குழந்தையின் பழைய படத்தையும் இருபது வருடம் கழித்து வந்து நிற்கும் ஆளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணைப் பார், காதைப் பார் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு ஏன் நிற்காது என்பதற்குப் படம் மங்கல், நினைவு மங்கல் என்று காரணம் சொல்வது வழக்கம். அதைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. ஒரு வளர்ந்த முகத்தை மற்ற வளர்ந்த முகங்களிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களில் பெரும்பாலானவை குழந்தை முகத்தில் இன்னும் உருவாகவே இல்லை. எவ்வளவு துல்லியமான கேமராவாலும் இல்லாததைப் படம்பிடிக்க முடியாது.

தலை ஒரே சீராக வளர்வதில்லை. மூளைக்கு அவசரம் அதிகம். ஆறு வயதுக்குள் அது தன் முழு அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது; மூளையைச் சுற்றியுள்ள மண்டையோடும் அதற்கு ஈடுகொடுத்து வளர்ந்துவிடும். கண்ணுக்கும் அதே அவசரம்தான். பிறக்கும்போது முன்பின்னாக 17 மில்லிமீட்டர் இருக்கும் கண்விழி, வளர்ந்தவரின் 24 மில்லிமீட்டரில் பெரும்பகுதியை முதல் மூன்று வருடத்துக்குள் அடைந்துவிடுகிறது. குழந்தைகளின் கண் அவ்வளவு பெரிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்: கண் ஏறக்குறைய பெரியவருடையது, அதைத் தாங்கும் முகம் சின்னது. முகத்துக்கோ அவசரமே கிடையாது. பிறந்த குழந்தையின் முகம் மண்டையின் மூளைப் பகுதியில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். வளர்ந்தவரில் அது கிட்டத்தட்ட பாதி. இந்த வளர்ச்சி பற்களோடும் மூச்சுவழியோடும் சேர்ந்து கீழ்நோக்கியும் முன்நோக்கியும் நடக்கிறது. ஆறு வயதில் பால் பல் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்க, அவற்றுக்கு இடம் கொடுத்தபடி மேல்தாடை இறங்குகிறது. மேல்தாடை எலும்புக்குள் காற்றறைகள் விரிகின்றன. தட்டையாக இருந்த மூக்குத்தண்டு எழும்புகிறது. கீழ்த்தாடை கடைசியில்தான் நிற்கும். பெண்களுக்குப் பதினேழு வயது வாக்கில், ஆண்களுக்கு இருபதை ஒட்டி.

இதில் கவனிக்க வேண்டியது, எந்தெந்தப் பகுதிகள் தாமதமாக வளர்கின்றன என்பது. மூக்கின் நீளம், அதன் முனையின் வடிவம், புருவமேட்டின் துருத்தல், தாடையின் கோணம், முகவாயின் முன்னீட்டம், மேலுதட்டுக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் ஆகியவையே ஒரு முகத்தை இன்னார் முகம் என்று நமக்குக் காட்டுகின்றன. கேலிச்சித்திரக்காரர் ஓர் அரசியல்வாதியை வரையப் பிடித்துக்கொள்வதும் இவற்றைத்தான். இவை எல்லாமே பருவ வயதில், பாதி மரபாலும் பாதி ஹார்மோனாலும் தீர்மானிக்கப்பட்டு எழுபவை. நான்கு வயதில் இருப்பது உருண்டை நெற்றி, தாழ்ந்த மூக்கு, கொழுப்பு நிறைந்த கன்னம், சின்னத் தாடை. எல்லாக் குழந்தைகளுக்கும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான். கடைக்கால் போட்ட நிலையில் ஒரு தெருவின் பத்து வீடுகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். எது மாடி வீடாகும், எது ஓட்டு வீடாகும் என்று அப்போது சொல்ல முடியாது. தொட்டில் பிள்ளையைப் பார்த்து "அப்படியே அப்பா மூக்கு" என்று சொல்லும் உறவினர்கள், பதினைந்து வருடம் கழித்து வரப்போகும் ஒரு மூக்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

முகத்தின் மாற்றம் இருபது வயதோடு நின்றுவிடுவதும் இல்லை. கண்குழியின் எலும்பு விளிம்புகள் மெல்லக் கரைந்து குழி அகல்கிறது, மேல்தாடை பின்வாங்குகிறது, கன்னத்தைத் தாங்கிய கொழுப்பு சில இடங்களில் வற்றி, சில இடங்களில் சரிகிறது. மாறாதது என்று பலரும் நம்பும் காதுகூட மாறுகிறது. 1995-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதிப் பொதுமருத்துவர் ஜேம்ஸ் ஹீத்கோட், முப்பது வயதைத் தாண்டிய 206 நோயாளிகளின் காதை அளந்து, அது வருடத்துக்குச் சராசரி 0.22 மில்லிமீட்டர் நீள்வதாக எழுதினார். ஐம்பது வருடத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். பல வயதினரை ஒரே சமயத்தில் அளந்து போட்ட சராசரிக் கணக்கு அது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் காதை நிலையான முத்திரையாக எண்ணுகிறவர்களைச் சற்று யோசிக்க வைக்கப் போதும்.

ஒப்பீடு எப்படித் தவறுகிறது என்பதை அருகில் நின்று பார்க்க, இருபதாம் நூற்றாண்டில் மிக அதிகமாக அலசப்பட்ட முகம் ஒன்று இருக்கிறது. 1918 ஜூலையில் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸும் குடும்பமும் எகடெரின்பர்க் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடைசி மகள் அனஸ்தாசியாவுக்கு அப்போது பதினேழு வயது. 1920 பிப்ரவரியில் பெர்லினில் ஓர் இளம்பெண் கால்வாயில் குதித்துக் காப்பாற்றப்பட்டார். பேர் சொல்ல மறுத்ததால் மனநலக் காப்பகத்தில் 'பேர் தெரியாத பெண்' என்று பதிவானார். அங்கே இருந்த இன்னொரு நோயாளி, பத்திரிகையில் வந்த அரச குடும்பப் படத்தைப் பார்த்து, இவர் பேரரசரின் மகள் என்றார். ஆனால் அப்போது அவர் சொன்ன பெயர் அனஸ்தாசியா இல்லை. இரண்டாவது மகள் தாத்தியானா. பேரரசியின் முன்னாள் தோழி ஒருவர் நேரில் வந்து பார்த்து, தாத்தியானாவாக இருக்க உயரம் போதாது என்று சொன்ன பிறகுதான் அந்தப் பெண் அனஸ்தாசியா ஆனார். முகம் மாறவில்லை, படமும் மாறவில்லை. பொருந்திய ஆள் மட்டும் மாறிவிட்டார். அக்காவுக்கும் பொருந்தி தங்கைக்கும் பொருந்துகிற முகம் எந்த அளவுக்கு அடையாளம் என்ற கேள்வியை அப்போதே யாராவது கேட்டிருக்கலாம்.

பின்னாளில் அன்னா ஆண்டர்சன் என்று அறியப்பட்ட அவர், தான் அனஸ்தாசியா என்ற கோரிக்கையோடு அறுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். 1920களில் லோசானைச் சேர்ந்த பேராசிரியர் மார்க் பிஷாஃப் படங்களை ஒப்பிட்டு இருவரும் ஒருவரல்லர் என்றார். பின்னர் ஜெர்மனியில் நடந்த நீண்ட வழக்கில் நீதிமன்றத்துக்காக ஆய்வு செய்த மானுடவியலர் ஓட்டோ ரெஹே, அனஸ்தாசியாவின் படங்களைத் திரட்டி, ஆண்டர்சனை அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில் படமெடுத்து ஒப்பிட்டார். இவர் அனஸ்தாசியாவாக இருக்க வேண்டும், அல்லது அவரோடு பிறந்த ஒரே கரு இரட்டையாக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. 1970களில் மோரிட்ஸ் ஃபுர்ட்மாயர் என்ற நிபுணர் வலது காதை ஆராய்ந்து 17 இடங்களில் பொருத்தம் கண்டார். அதற்கு முன்பே, 1970-இல், நீதிமன்றம் இரு பக்கத்தையும் கேட்டுவிட்டு, கோரிக்கை நிரூபிக்கப்படவும் இல்லை, பொய்யென்று காட்டப்படவும் இல்லை என்று முடித்தது; நிபுணர்களைவிட நீதிபதிகளுக்கு அடக்கம் இருந்திருக்கிறது. ஆண்டர்சன் 1984-இல் அமெரிக்காவில் இறந்தார். அறுவை சிகிச்சை ஒன்றின்போது எடுத்த குடல் துணுக்கு அங்கே ஒரு மருத்துவமனையில் பத்திரமாக இருந்தது. 1994-இல் அதிலிருந்து எடுத்த டிஎன்ஏ, அனஸ்தாசியாவின் தாய்வழி உறவினரான பிரிட்டிஷ் இளவரசர் பிலிப்பின் டிஎன்ஏவோடு பொருந்தவில்லை. ஃபிரான்சிஸ்கா ஷான்ஸ்கோவ்ஸ்கா என்ற போலந்துத் தொழிற்சாலைப் பெண்ணின் உறவினரோடு பொருந்தியது. அந்தப் பெயரை 1927-லேயே ஒரு துப்பறிவாளர் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்.

ரெஹேயும் ஃபுர்ட்மாயரும் மோசடிக்காரர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. அவர்கள் கண்ட ஒற்றுமைகள் உண்மையாகவே இருந்திருக்கலாம். அவர்கள் போடாத கணக்கு வேறு. காதில் 17 இடம் பொருந்துகிறது என்றால், தெருவில் போகும் நூறு பெண்களில் எத்தனை பேருக்கு அதே 17 இடமும் பொருந்தும்? இதற்கு விடை தெரியாதவரை 17 என்ற எண்ணுக்கு எடையே கிடையாது. ஓர் ஒற்றுமை எவ்வளவு நெருக்கமானது என்பது பாதிக் கேள்வி. அந்த ஒற்றுமை ஊரில் எவ்வளவு சாதாரணம் என்பது மீதிப் பாதி. டிஎன்ஏ ஒப்பீட்டில் இந்த இரண்டாம் பாதிக்கு மக்கள்தொகைக் கணக்கு கையில் இருக்கிறது. முகத்தில் அது இல்லை. குழந்தை முகத்திலோ நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே எல்லா அம்சமுமே சாதாரணம். அனஸ்தாசியாவுக்குப் பதினாறு வயது வரை எடுத்த படங்கள் ஏராளமாக இருந்தன. முகம் பெரும்பாலும் முற்றிய வயது அது. அதை வைத்துக்கொண்டே இவ்வளவு தவறு நடந்தது என்றால், நான்கு வயதில் ஸ்டூடியோவில் எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்து என்ன சொல்ல முடியும்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். எந்தத் தாயும் தன் பிள்ளையின் பழைய படத்தைச் சரியாகக் காட்டுகிறாளே. பள்ளிக் குழுப்படத்தில் நண்பர்களைக் கண்டுபிடிக்கிறோமே. கண்டுபிடிக்கிறோம், ஆனால் ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பதில்லை. தாய்க்கு இரண்டு படங்களுக்கும் இடைப்பட்ட அத்தனை ஆயிரம் நாள் முகமும் தெரியும். பழகிய முகத்தை அறிவதும் பழகாத முகத்தை ஒப்பிடுவதும் வேறு வேறு திறன்கள் என்பதை 2011-இல் பிரிட்டனில் ராப் ஜென்கின்ஸ் குழு செய்த ஒரு சோதனை அழகாகக் காட்டியது. நெதர்லாந்துப் பிரபலங்கள் இருவரின் படங்கள், ஆளுக்கு இருபது, மொத்தம் நாற்பதைக் கலைத்துக் கொடுத்து, ஆள் வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவர்களை அறிந்த நெதர்லாந்துக்காரர்கள் சிரமமின்றி இரண்டு அடுக்காகப் பிரித்தார்கள். அறியாத பிரிட்டிஷ்காரர்கள் சராசரியாக ஏழு எட்டு அடுக்கு வைத்தார்கள். அதாவது, ஒரே ஆளை மூன்று நான்கு பேராகப் பார்த்தார்கள். அத்தனையும் வளர்ந்தவர்களின் படங்கள். தொழிலாகச் செய்கிறவர்கள் தேர்ந்தவர்கள் என்றும் சொல்ல முடியாது: 2014-இல் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் அலுவலர்களைச் சோதித்தபோது, எதிரே நிற்பவரின் படமல்லாத வேறொருவர் படத்தை நூற்றுக்குப் பதினான்கு தடவை அவருடையது என்றே ஏற்றுக்கொண்டார்கள். காணாமல் போன குழந்தையின் தாய் இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நிற்கிறாள். குழந்தையை அவளைப்போல அறிந்தவர் இல்லை. எதிரே நிற்கும் இளைஞனோ அவளுக்குப் பழகாத முகம். இடைப்பட்ட வருடங்கள் அவளிடமும் இல்லை. அந்த வெற்றிடத்தை ஆசை நிரப்பிவிடுவது இயல்புதானே.

இரண்டாவது ஆட்சேபம் ஒரு புகழ்பெற்ற படத்திலிருந்து வரும். 1984-இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் 1985 ஜூனில் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. 2002-இல் ஷர்பத் குலா என்ற பெண்ணே அந்தச் சிறுமி என்று உறுதியானது. பதினேழு பதினெட்டு வருட இடைவெளியைத் தாண்டிப் பொருந்தியதே என்று கேட்கலாம். ஆனால் பொருந்தியதாக நிறுவப்பட்டது முகத்தால் மட்டும் என்றால், யாரும் திருப்தி அடைந்திருக்க மாட்டார்கள். நான்தான் அந்தச் சிறுமி என்று வேறு பெண்களும் வந்திருந்தார்கள். கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மன் இரண்டு படங்களிலும் கருவிழிப்படலத்தின் இழை அமைப்பை எண்களாக்கி ஒப்பிட்டார். அந்த இழைகள் கருவிலேயே உருவாகி முடிபவை, வளர்ச்சியோடு மாறாதவை. இரு வேறு ஆட்களின் இழைகள் எவ்வளவு அபூர்வமாக ஒத்துப்போகும் என்ற கணக்கும் டாக்மனிடம் இருந்தது. படமும் வாய்த்தது: நெருங்கி எடுத்த தொழில்முறைப் படம், வெளிர் நிறக் கண். நம் பிள்ளைகளின் அடர்பழுப்புக் கண்ணில், சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில், இழை தெரியவே தெரியாது. ஆதார் மையத்தில் அகச்சிவப்பு ஒளியில் கண்ணைப் பதிவுசெய்வது அதனால்தான்.

மூன்றாவதாக, கணினி செய்யுமே என்பார்கள். வயதேற்றிய படம் வரைவது பற்றி முதலில். குழந்தையின் படத்தோடு பெற்றோர், உடன்பிறந்தோர் படங்களையும் சேர்த்து, இருபது வயதில் எப்படி இருப்பான் என்று வரைவது பல நாட்டுக் காவல்துறைகளின் வழக்கம். பொதுமக்களின் கவனத்தைத் திரும்ப ஈர்க்க அது நல்ல வழி. ஒப்பீட்டுக்கு அது உதவாது, ஏனென்றால் விடுபட்ட மூக்கும் தாடையும் குடும்பத்திடமிருந்து கடன் வாங்கியவை. அந்தப் படத்தோடு ஒரு இளைஞன் பொருந்தினால், குடும்பச் சாயல் கொண்டு வரைந்த ஊகத்தோடு பொருந்துகிறான் என்று மட்டுமே பொருள். அடுத்தது தேடல். 2018 ஏப்ரலில் டெல்லி காவல்துறையின் முகமறியும் மென்பொருள் விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 45,000 குழந்தைகளின் படங்களைத் துழாவி, நான்கே நாளில் 2,930 பேரைக் காணாமல் போனோர் பட்டியலோடு பொருத்தியதாகப் பெரிய செய்தி வந்தது. அடுத்த வருடம் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் டெல்லி உயர்நீதிமன்றத்தில் சொன்னது வேறு: அந்த அமைப்பின் துல்லியம் ஒரு சதவீதத்தையும் எட்டவில்லை, ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும்கூட வித்தியாசம் தெரியவில்லை. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை.

துல்லியமான மென்பொருள் வந்தாலும் கணக்கு எங்கே இடிக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் வேற்று முகங்களில் ஒன்றை மட்டுமே தவறாகப் பொருத்தும் மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கும் பெரியவருக்கும் இடையிலான ஒப்பீட்டுக்கு இது தாராளமான அனுமானம். ஒரு குழந்தையின் படத்தை மூன்று லட்சம் பேர் படங்களோடு ஒப்பிட்டால் 300 பேர் தவறாகப் பொருந்துவார்கள். உண்மையான பிள்ளை அந்தப் பட்டியலில் இருந்தாலும் அவன் 301-இல் ஒருவன். அவன் முகம் மாறிப்போய் மென்பொருளுக்குத் தெரியாமலே விட்டுவிட்டால் பட்டியல் முழுக்க வேற்று ஆட்கள்தான். மோசமான விளைவு இதற்குப் பிறகு வருகிறது. அந்த 300 பேரும் ஏனோதானோவென்று வந்தவர்கள் இல்லை. இந்தக் குழந்தையைப்போல இருக்கிறார்கள் என்பதற்காகவே மூன்று லட்சம் பேரிலிருந்து பொறுக்கி எடுத்தவர்கள். அவர்களில் ஒருவரைப் பெற்றோர் முன்னால் நிறுத்தி "சாயல் தெரிகிறதா" என்று கேட்டால் தெரியாமல் எப்படி இருக்கும்? சாயல் இருப்பதால்தானே அவர் வந்தார். மென்பொருளின் முடிவைப் பெற்றோரின் கண் உறுதிசெய்துவிட்டது என்று கோப்பில் எழுதுவார்கள். உண்மையில் ஒரே சான்றை இரண்டு முறை எண்ணியிருக்கிறார்கள்.

இதற்காகப் பழைய படத்தைத் தூக்கிப் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. ஆளை விலக்குவதற்கு அது ஓரளவு உதவும்: குழந்தையின் காது மடல் தெளிவாகத் தொங்கு மடலாகத் தெரிய, வந்திருப்பவரின் மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தால் சந்தேகப்பட நல்ல காரணம் இருக்கிறது. பிறவித் தழும்பும் பிளந்த உதடு தைத்த வடுவும் சாதாரண மூக்கைவிடப் பல மடங்கு எடை கொண்டவை, அவை அபூர்வம் என்பதால். மச்சத்துக்கு அந்த மரியாதை கொடுக்க முடியாது. குழந்தைப் பருவத்துக்குப் பிறகு புதிதாக முளைப்பவையே நிறைய. பட்டியலைச் சுருக்கப் படம், முடிவெடுக்க வேறொன்று என்பதே நியாயமான பங்கீடு. ஆதார் அமைப்பின் விதிகளே இந்தப் பங்கீட்டை ஒப்புக்கொள்கின்றன. ஐந்து வயதில் பிள்ளையின் படம், கைரேகை, கருவிழி எல்லாவற்றையும் பதிவுசெய்து, பதினைந்து வயதில் மறுபடி பதிவுசெய்ய வேண்டும். விடுதியில் வளர்ந்த பிள்ளைக்கு ஆதார் எடுக்கப் போன இடத்தில், "ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்று விண்ணப்பம் திரும்பி, அதை வைத்து வீடு கண்டுபிடிக்கப்பட்ட சம்பவங்கள் செய்தியாகியிருக்கின்றன. அங்கே காட்டிக்கொடுத்தது முகமில்லை, ரேகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கோ கைரேகையும் கருவிழியும் எடுப்பதில்லை, முகப்படம் மட்டும்தான். அந்த வயதில் தொலைந்த பிள்ளைக்காகப் பெற்றோர் செய்யக்கூடிய உருப்படியான காரியம், தாய் தகப்பன் இருவரும் உயிரோடு இருக்கும்போதே தங்கள் டிஎன்ஏ மாதிரியைப் பதிவுசெய்து வைப்பது. எந்த வயதில் யார் வந்து நின்றாலும் அதோடு ஒப்பிடலாம்.